நம்பர் மாறாம நெட்வொர்க் மாறுவது: மெசேஜில் வரும் கோடும், சிம் மாற்றும் நாளும்

சிக்னல் சரியில்லை, ரீசார்ஜ் விலை கட்டுப்படியாகலை என்று நெட்வொர்க்கை மாத்த நினைப்பவர்கள், பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு மாறலாம். இந்த வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியிலிருந்து இருக்கிறது. கடைக்காரரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இரண்டு விஷயம் நம்ம கையில்தான் இருக்கிறது. ஒன்று, மெசேஜில் வரும் கோடு. இன்னொன்று, சிம் மாறும் அந்த சில மணி நேரம்.

திருச்சியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் வருவதும், கூகுள் பே, போன்பே மூலம் பணம் வருவதும், பேங்க் ஓ.டி.பி. வருவதும் ஒரே நம்பரில். அதை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தன் போனிலிருந்து 1900 என்ற எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறார்:

```
PORT 9XXXXXXXXX
```

PORT, ஓர் இடைவெளி, பிறகு மாற்ற வேண்டிய பத்து இலக்க எண். அவ்வளவுதான். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இங்கேதான் தவறு நடக்கும். மாற்றப் போகிற சிம்மிலிருந்தே மெசேஜ் போக வேண்டும். இன்னொரு சிம்மிலிருந்து போனால் வேலைக்கு ஆகாது. அனுப்பும் முன் எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்க. எந்த ரீசார்ஜ் திட்டத்தில் இருந்தாலும் இந்த மெசேஜை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. ஆனாலும் வேலிடிட்டி முழுக்க முடிஞ்சு சேவையே நின்னு போற வரைக்கும் காத்திருக்காதீங்க. பதில் மெசேஜ் வருவதற்கும் அந்த சிம் உயிரோடு இருக்கணும்.

பதிலாக எட்டு எழுத்து-எண் கொண்ட ஒரு கோடு வரும். இதைத்தான் யு.பி.சி. என்கிறார்கள். முதல் இரண்டு எழுத்தும் இப்போதைய நிறுவனத்தையும் வட்டாரத்தையும் குறிக்கும். கோடு எந்த நாள் வரை செல்லும் என்பதும் அந்த மெசேஜிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் அதற்கு ஆயுள் 4 நாள். அதற்குள் புது நிறுவனத்தில் விண்ணப்பம் கொடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

கோடு வராமல் மறுப்பு வந்தால் பதற வேண்டாம், காரணமும் சேர்ந்தே வரும். 2019 டிசம்பரில் விதி மாறிய பிறகு, தகுதி இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் கோடு கொடுக்கிறார்கள். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகாதது, போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருப்பது, சிம்மை வேறு பெயருக்கு மாற்றும் வேலை பாதியில் நிற்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: தொலைந்த சிம்முக்குப் பதிலாக புது சிம் வாங்கி 7 நாள் ஆகாவிட்டால் கோடு கிடையாது. திருடன் உங்க பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே அதை வேறு நிறுவனத்துக்குக் கடத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி.

அதனால் கோடு வந்ததும் அதை சாவி மாதிரி நினைங்க. யாராவது போன் பண்ணி, "கஸ்டமர் கேர்ல இருந்து பேசுறோம், 4ஜி-யை 5ஜி-யா மாத்தணும், வர்ற நம்பரை சொல்லுங்க" என்று கேட்டால் சொல்லாதீங்க. கோடு கையில் கிடைத்தால் உங்க நம்பரை இன்னொரு சிம்முக்கு இழுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும். நம்பர் போனால் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். நீங்க கேட்காமலே "போர்ட் விண்ணப்பம் வந்துள்ளது" என்று மெசேஜ் வந்தால், விண்ணப்பம் பதிவான 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு இப்படி அனுப்பினால் ரத்தாகும்:

```
CANCEL 9XXXXXXXXX
```

மனசு மாறினவங்களும் இதையே பயன்படுத்தலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்கணும்.

சரி, நம்ம அக்காவுக்கு கோடு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை புது நிறுவனத்தின் கடைக்குப் போய் கோடும் ஆதாரும் கொடுக்கிறார், புது சிம் வாங்குகிறார். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும். கணவர் பெயரில் உள்ள நம்பரை போர்ட் செய்யும் சாக்கில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது இதற்கான வழி இல்லை. பெயர் மாற்றம் தனி வேலை, அதை முதலில் முடிக்கணும்.

சென்னை, திருச்சி, புதுச்சேரி எல்லாம் தொலைத்தொடர்பு கணக்கில் ஒரே தமிழ்நாடு வட்டாரம். அதற்குள் மாற்ற 3 வேலை நாள். பெங்களூரில் வாங்கிய நம்பரை இங்கே கொண்டுவந்தால் 5 வேலை நாள். நடுவில் ஞாயிறோ அரசு விடுமுறையோ வந்தால் அது கணக்கில் சேராது. இந்த நாட்களில் பழைய சிம் வழக்கம் போல வேலை செய்யும், புது சிம் செத்தது மாதிரி இருக்கும். பழைய ப்ரீபெய்டு கணக்கில் மிச்சமிருக்கும் பணமும் டேட்டாவும் உங்ககூட வராது. அதனால் நீண்ட கால ரீசார்ஜ் போட்ட மறுநாளே போர்ட் கேட்பது வீண் செலவு.

எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாறும் என்று முன்கூட்டியே மெசேஜ் வரும். பெரும்பாலும் ராத்திரி நேரம். அக்காவுக்கு வெள்ளி இரவு என்று வந்திருக்கிறது. அந்த நேரத்தில் பழைய சிம்மில் "No service" என்று காட்டும். சுமார் 4 மணி நேரம் வரை இரண்டு சிம்மும் வேலை செய்யாமல் போகலாம். அப்போது உங்களுக்கு அழைப்பும் வராது, ஓ.டி.பி.யும் வராது. ரயில் டிக்கெட் எடுப்பது, ஃபீஸ் கட்டுவது, இ-சேவை விண்ணப்பம் போடுவது மாதிரி ஓ.டி.பி. தேவைப்படும் வேலையை அந்த நாளுக்கு வைக்காதீங்க. வீட்டில் உடம்புக்கு முடியாதவர்கள் இருந்தால், இன்னொருவர் நம்பரை முக்கியமானவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்து வைங்க.

பழைய சிம்மில் சிக்னல் போனதும் போனை அணைத்து, புது சிம்மைப் போட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. கடைக்காரர் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சொல்லியிருந்தால் அதற்கு அழைத்து முடிங்க, ரீசார்ஜும் போடுங்க. பழைய சிம்மை உடனே தூக்கி எறியாதீங்க. சிலர் பெயர்களை அதிலேயே சேமித்து வைத்திருப்பார்கள், சிக்னல் போனாலும் அவற்றைப் படித்து எடுக்கலாம்.

சனிக்கிழமை காலையில் அக்காவின் போனில் சிக்னல் இருக்கிறது, ஆனால் பணம் அனுப்பும் ஆப் "சிம் மாறியுள்ளது" என்று நிற்கிறது. இது கோளாறு இல்லை. யு.பி.ஐ. ஆப்கள் நம்பரை மட்டும் பார்ப்பதில்லை, போனுக்குள் இருக்கும் சிம்மையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஆப் கேட்கிற மாதிரி மறுபடி சரிபார்த்தால் போதும். அந்தச் சரிபார்ப்புக்கு உங்க போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வெளியே போக வேண்டும். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். உள்ள திட்டம் போடாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பேங்க் கணக்கில் நம்பர் மாறவில்லை என்பதால் அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சோதனை. வேறு வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. ஒருத்தர் அழைப்பு வருது, இன்னொருத்தருக்கு "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வந்தால், அந்த நிறுவனத்தின் பட்டியலில் உங்க புது முகவரி இன்னும் ஏறவில்லை. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். மறுநாளும் அப்படியே இருந்தால் புது நிறுவனத்தின் புகார் எண்ணில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. போஸ்ட்பெய்டாக இருந்தவர்களுக்கு பழைய நிறுவனத்திலிருந்து கடைசி பில் வரும். அதைக் கட்டாமல் விட்டால், பழைய நிறுவனம் சொல்லி புது நிறுவனமே சேவையைத் துண்டிக்கலாம்.

அடுத்த தடவை மாற நினைத்தால், இந்த மாற்றத்திலிருந்து 90 நாள் கழிய வேண்டும்.