கசப்பு பாதாமும் ஏப்ரிகாட் பருப்பும்: உடம்புக்குள் சயனைடு எப்படி உருவாகிறது?

மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைக்க வேண்டும் என்று தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தோலைத் தடிமனாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். கசக்கும் கிழங்கென்றால் தொடவே மாட்டோம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியே சாப்பாடாக இருந்தபோது, இந்தப் பழக்கம்தான் பலரைக் காப்பாற்றியது. ரப்பர் கொட்டையைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டியதும் இதே காரணத்தால்தான். இரண்டிலும் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள் இப்போது பாக்கெட்டில் வருகிறது. அது ஏப்ரிகாட் பழத்தின் கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்பு. பார்ப்பதற்குச் சின்ன பாதாம் போலவே இருக்கும். சீன மருந்துக்கடையில் இது இரண்டு வகையாகக் கிடைக்கும். கொஞ்சம் பெரிதாகவும் இனிப்பாகவும் இருப்பது ‘நாம் ஹாங்’. சிறிதாகவும் கசப்பாகவும் இருப்பது ‘பாக் ஹாங்’. நாம் தீபாவளிக்கு அல்வாவில் போடும் சாதாரண இனிப்பு பாதாமைப் பற்றி இங்கே பயம் வேண்டாம். கசப்பு பாதாமும் கசப்பு ஏப்ரிகாட் பருப்பும்தான் நாம் பேசும் விஷயம்.

கசப்புக்குக் காரணம் அமிக்டலின் என்ற பொருள். அது தனியாக இருக்கும்வரை அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. பருப்புக்குள் அமிக்டலின் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறொரு அறையிலும் இருக்கின்றன. மெல்லும்போதோ அரைக்கும்போதோ இரண்டும் ஈரத்தில் கலக்கின்றன. அப்போது அமிக்டலின் உடைந்து மூன்று பொருள்கள் வெளிவருகின்றன: சர்க்கரை, பாதாம் வாசனை தரும் எண்ணெய், ஹைட்ரஜன் சயனைடு. நொதி இல்லாமல் போனாலும் ஆபத்து தீராது. நம் குடலில் வாழும் கிருமிகளும் அதே வேலையைச் செய்யும். அதனால்தான் அமிக்டலினை ஊசியாகப் போடுவதைவிட வாயால் உட்கொள்வது அதிக ஆபத்தானது.

சயனைடு நம் உடம்பின் அணுக்களுக்குள் போய், அவை ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைத்துவிடுகிறது. மூச்சு நன்றாகத்தான் வாங்குகிறோம், இரத்தத்திலும் ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆனால் மூளையாலும் இதயத்தாலும் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. வாசலில் அரிசி மூட்டை இறங்கியும் வீட்டில் அடுப்பு எரியாத நிலைதான் அது. கொஞ்சமாக வரும் சயனைடைக் கல்லீரல் கந்தகத்தோடு சேர்த்து மாற்றி, சிறுநீர் வழியாக வெளியேற்றும். அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதைவிட வேகமாகச் சயனைடு வந்து சேர்ந்தால் விஷம் தலைக்கேறும்.

எவ்வளவு வரை பொறுக்கும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் ஒரு கணக்குச் சொன்னது. அதன்படி 60 கிலோ எடையுள்ளவர் ஒரு வேளையில் சுமார் 1.2 மில்லிகிராம் சயனைடுக்கு மேல் போகக்கூடாது. மூன்று சின்னப் பச்சைப் பருப்பைத் தாண்டினாலே பெரியவர் ஒருவர் இந்த எல்லையைக் கடந்துவிடலாம். பெரிய பருப்பென்றால் பாதி கூட அதிகம். சிறு குழந்தைக்கு ஒரு சின்னப் பருப்பே மிகுதி. அதே 60 கிலோ உடம்புக்கு 30 மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும்.

இவ்வளவு ஆபத்தான பொருளை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். புற்றுநோய் வந்தவர் வீட்டுக்கு யாராவது வந்து, “ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் வேண்டாம், வைட்டமின் பி17 இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அமிக்டலினுக்கும் அதிலிருந்து செய்த லேட்ரைல் என்ற மருந்துக்கும் விற்பனைக்காக வைத்த பெயர் அது. வைட்டமின் என்பது உடம்புக்குக் கட்டாயம் தேவையானது, அமிக்டலின் யாருக்கும் தேவையில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் மருத்துவர் சார்ல்ஸ் மோர்ட்டல் தலைமையில் 178 புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1982-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: கட்டி குணமாகவில்லை, நோயும் நிற்கவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைடு உயிருக்கு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

மெல்போர்னில் நடந்த ஒரு சம்பவம் 2017-இல் மருத்துவ இதழில் வெளியானது. அங்கே 67 வயது ஆண் ஒருவர், ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வந்திருந்தார். விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் அளவு குறைவாகவே காட்டியது. காரணம் தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புரோஸ்டேட் புற்றுநோய் அடங்கியிருந்த அவர், அது திரும்பக்கூடாது என்று 5 ஆண்டுகளாகத் தினமும் வீட்டில் தயாரித்த ஏப்ரிகாட் பருப்புச் சாற்றை 2 டீஸ்பூன் குடித்து, பழக்கொட்டை மாத்திரை 3-ம் விழுங்கி வந்தார். கணக்கிட்டால் அது நாளுக்கு சுமார் 17 மில்லிகிராம் சயனைடு. மேலே சொன்ன 1.2-ஐப் போல 14 மடங்கு. ஆனால் அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், தனக்கு ஒன்றும் இல்லை என்றே நம்பினார். “பல வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவரின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பச்சை ஏப்ரிகாட் பருப்பு விற்பனையை 2015-இல் தடை செய்தன.

நீண்ட நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சயனைடு சேர்ந்தால் நரம்புகள் பாதிக்கப்படலாம். மரவள்ளியையே சரியாகப் பதப்படுத்தாமல் உண்டு வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களிடம் கால் தளர்ச்சியும் பார்வைக் குறைவும் இப்படித்தான் கண்டறியப்பட்டன. நீரிழிவு உள்ளவர்கள் காலில் மரப்பு வந்தால் சர்க்கரை நோயென்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனாலும் கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் பேசும்போது, இந்தப் பருப்போ மாத்திரையோ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம்.

வறுத்தால் விஷம் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். வறுத்தால் நொதிதான் அழியும், அமிக்டலின் அப்படியே இருக்கும். கொதிக்கும் நீரில் முழுப்பருப்பாக நேராகப் போட்டாலும் அதே கதைதான், மிச்சத்தைக் குடல் கிருமிகள் உடைக்கும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும். அதனால் சீனர்கள் சூப்பில் சில பருப்புகளை மட்டும் போட்டு, ஊறவைத்து, மூடாமல் நெடுநேரம் கொதிக்க விடும்போது பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் மென்று தின்பதும், பச்சையாக அரைத்துப் பாலிலோ தேனிலோ கலந்து குடிப்பதும் முற்றிலும் வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, வேகமான மூச்சு, படபடப்பு, மனக்குழப்பம் வரலாம். அதற்கு மேல் வலிப்பும் மயக்கமும் வரும். அப்படித் தோன்றினால் 999-ஐ அழையுங்கள். பினாங்கிலுள்ள தேசிய விஷ மையத்தின் எண் 1-800-88-8099. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புளித்தண்ணீரோ பாலோ கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். சயனைடுக்கு மாற்று மருந்து உண்டு, அது மருத்துவமனையில்தான் கிடைக்கும். தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நேரமாகும் என்பதால், “கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்” என்று யாரும் காத்திருக்கக் கூடாது. பருப்புப் பாக்கெட்டையும் மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை பருப்பு, எத்தனை மணிக்கு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.