நீர் ஊற்றினால் மட்டம் இறங்குமா?
துருவங்களும் சுழியங்களும் சொல்லும் செய்தி

உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் நீரிணையை ஒட்டிக் கிழக்கே சென்றால் செனோக்கோ தொழிற்பேட்டை வரும். எழுபதுகளில் எண்ணெயை எரித்து இயங்கத் தொடங்கிய செனோக்கோ மின்நிலையம் அங்குதான் உள்ளது. பிற்காலத்தில் பழைய அலகுகள் படிப்படியாக மாற்றப்பட்டு, இயற்கை எரிவாயுவில் இயங்கும் கூட்டுச்சுழற்சி அலகுகள் வந்தன. இவ்வகை அலகில் எரிவாயு டர்பைனின் சூடான புகை வீணாவதில்லை. அது ஒரு கொதிகலனுக்குச் செல்கிறது. அங்கு உண்டாகும் நீராவி இன்னொரு டர்பைனைச் சுழற்றுகிறது.

இத்தகைய கொதிகலன்களில் பொதுவாக டிரம் எனப்படும் பெரிய உருளைக் கலம் இருக்கும். அதன் அடிப்பாதியில் கொதிநீர், மேற்பாதியில் நீராவி. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தால் குழாய்கள் வறண்டு கருகிவிடும். மிகவும் உயர்ந்தால் நீர்த்துளிகள் டர்பைனுக்குள் புகுந்து அதன் இதழ்களைச் சேதப்படுத்தும். இரண்டில் எது நேர இருந்தாலும் பாதுகாப்புக் கருவி அலகையே நிறுத்திவிடும்.

மட்டம் தாழ்கிறதா, வால்வைத் திறந்து ஊட்டுநீரைக் கூட்டினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் கூட்டியதும் மட்டம் முதலில் இன்னும் இறங்குகிறது! கொதிநீருக்குள் எப்போதும் எண்ணற்ற நீராவிக் குமிழ்கள் இருக்கும். புதிதாக வரும் நீர் சூடு குறைந்தது என்பதால் பல குமிழ்கள் சுருங்கி மறைகின்றன. நீரின் எடை கூடினாலும் கலவையின் கனஅளவு குறைகிறது. சிறிது நேரம் கழித்துத்தான் மட்டம் ஏறத் தொடங்கும். இந்த விசித்திரத்தைக் கணிதம் ஒரே ஒரு எண்ணில் சொல்லிவிடுகிறது. அந்த எண்ணைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

துருவம் எது, சுழியம் எது?

விரிவுரையில் நாம் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், போல், ஜீரோ என்று கேட்பவற்றை இங்குப் பரிமாற்றச் சார்பு, துருவம், சுழியம் என்று அழைப்போம். ஒரு நேரியல் அமைப்பின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைப்பது பரிமாற்றச் சார்பு. அதன் பகுதியைப் பூஜ்யமாக்கும் s மதிப்புகள் துருவங்கள். தொகுதியைப் பூஜ்யமாக்குபவை சுழியங்கள்.

ஊட்டுநீருக்கும் டிரம் மட்டத்திற்கும் உள்ள உறவை இப்படி எழுதலாம். எண்கள் எந்த நிலையத்திலும் அளந்தவை அல்ல. கணக்கு எளிதாக வரட்டும் என்று தேர்ந்தவை. காலம் நிமிடத்தில், மட்டம் சென்டிமீட்டரில்.

```
G(s) = (1 - 2s) / ( s (s + 1) )
```

துருவங்கள் 0, -1. சுழியம் +0.5. ஊட்டுநீரை ஓர் அலகு கூட்டி அப்படியே வைத்திருந்தால், பகுதிப் பின்னங்களாகப் பிரித்துக் கிடைக்கும் விடை:

```
y(t) = t - 3 + 3e^(-t)
```

இதில் t என்ற உறுப்பு 0 என்ற துருவத்தால் வந்தது. வெளியேறும் நீராவியின் அளவு மாறாதபோது கூடுதல் நீர் சேர்ந்துகொண்டே போகும் என்பதே அதன் பொருள். e^(-t) என்பது -1 என்ற துருவத்தால் வந்தது. சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆக, எந்த வகை அசைவுகள் அமைப்பில் எழக்கூடும் என்பதைத் துருவங்கள் தீர்மானிக்கின்றன. இடப்பக்கத் துருவம் தேயும் அசைவைத் தரும். வலப்பக்கத் துருவம் வளரும் அசைவைத் தரும். மெய்யல்லாத இணைத் துருவங்கள் ஊசலாட்டத்தைத் தரும்.

சுழியம் புதிய அசைவு எதையும் கொண்டுவருவதில்லை. இருக்கும் அசைவுகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையே அது சொல்கிறது. தொகுதியை 1 + bs என்று வைத்துப் பாருங்கள். E^(-t)-யின் கெழு 1 - b ஆகும். சுழியமே இல்லாவிட்டால் (b = 0) கெழு 1. b = 1 என்றால் சுழியம் துருவத்தின் மேலேயே விழுந்து அந்த அசைவை அழித்துவிடும்; மட்டம் நேர்கோட்டில் ஏறும். நம் டிரம்மில் b = -2, எனவே கெழு 3. தொடக்கத்தில் மட்டத்தைக் கீழே இழுப்பது இந்தப் பெரிய கெழுதான்.

எண்களை இட்டுப் பார்ப்போம். மட்டம் சுமார் 1.1 நிமிடத்தில் 0.9 செ.மீ. இறங்கியிருக்கும். பழைய இடத்துக்குத் திரும்ப 2.8 நிமிடம் ஆகும். அதன் பிறகே உண்மையான ஏற்றம்.

வலப்பக்கச் சுழியம் விதிக்கும் எல்லை

இப்போது மட்டத்தை அளந்து, குறைவுக்கு ஏற்ப ஊட்டுநீரைக் கூட்டும் ஒரு கட்டுப்படுத்தியைப் பொருத்துவோம். அதன் பெருக்கம் k. மூடிய சுற்றின் துருவங்களைத் தரும் சமன்பாடு:

```
s^2 + (1 - 2k)s + k = 0
```

k = 0.2 எனில் துருவங்களின் மெய்ப்பகுதி -0.3, ஊசலாட்டம் தேய்ந்து அடங்கும். k = 0.5 ஆனவுடன் நடு உறுப்பு மறைகிறது. சுமார் 9 நிமிடத்திற்கு ஒரு முறை மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் போனால் ஊசல் வளர்ந்து அலகு நின்றுவிடும். சுழியம் இல்லாத அதே அமைப்பில் சமன்பாடு s^2 + s + k = 0; அங்கு k எவ்வளவு பெரிதானாலும் அமைப்பு நிலைகுலையாது. பின்னூட்டம் துருவங்களை நகர்த்தும், சுழியத்தை நகர்த்தாது. k பெருகப் பெருக ஒரு துருவம் +0.5 என்ற சுழியத்தை நோக்கியே ஓடுகிறது.

சுழியத்தை ஒரு வலப்பக்கத் துருவத்தால் அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் கட்டுப்படுத்தி e^(0.5t) வேகத்தில் ஊட்டுநீரைக் கூட்டத் தொடங்கும், ஏறக்குறைய 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை இருமடங்கு. அந்த உள்ளீட்டுக்கு மட்டம் எப்படி நடந்துகொள்ளும்?

```
y(t) = -2 (1 - e^(-t))
```

மட்டம் 2 செ.மீ. இறங்கி அங்கேயே நிற்கும்! நீர் வெள்ளமாகப் பெருகிக்கொண்டிருக்க, புதிய நீர் ஏற்றும் அளவும் குமிழ் சுருங்குவதால் குறையும் அளவும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. மட்டமானியைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சுழியம் என்பதன் பொருளே இதுதான்: அந்த வடிவ உள்ளீட்டை அமைப்பு வெளியே காட்டுவதில்லை.

பொறியாளர்கள் கண்ட வழி

நீராவித் தேவை திடீரென்று கூடும்போது இதன் மறுபக்கம் தெரியும். அழுத்தம் குறைவதால் குமிழ்கள் பருத்து மட்டம் பொய்யாக உயரும். உண்மையில் நீர் குறைந்துகொண்டிருக்கும். மட்டத்தை மட்டும் நம்பும் கட்டுப்படுத்தி அந்நேரத்தில் ஊட்டுநீரைக் குறைத்துத் தவறு செய்யும். ஆகவே மின்நிலையங்களில் மும்முனைக் கட்டுப்பாடு வழக்கத்தில் உள்ளது. வெளியேறும் நீராவி, உள்ளே வரும் ஊட்டுநீர், டிரம் மட்டம் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. போன நீராவிக்கு ஈடாக நீரை உடனே அனுப்புகிறது. மட்டத்தைக் கொண்டு மெதுவாகத் திருத்துகிறது. சுழியம் அங்கேயே இருக்கிறது. அதனோடு மோதாமல் வேலை நடக்கிறது.

இதற்கும் வரம்பு உண்டு. நேரியல் மாதிரி ஓர் இயக்கநிலையின் அருகில்தான் பொருந்தும். சுமையும் அழுத்தமும் மாறினால் சுழியமும் இடம் மாறும். அலகைத் தொடக்கும் நேரத்தில் ஓட்டம் குறைவாக இருப்பதால் ஓட்டமானிகளை நம்ப முடியாது. அப்போது மட்டத்தை மட்டும் கொண்டு, சிறிய பெருக்கத்தோடு நிதானமாகவே கட்டுப்படுத்துவர்.

ஓர் அமைப்பில் இத்தகைய சுழியம் ஒளிந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. கட்டுப்பாட்டைக் கைக்கு மாற்றி, உள்ளீட்டைச் சிறிதளவு கூட்டிவிட்டுப் பதிவுத்தாளின் தொடக்கத்தைப் பாருங்கள். கோடு முதலில் எதிர்த்திசையில் சாய்ந்து பிறகு திரும்பினால் வலப்பாதியில் சுழியம் உண்டு. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாக அந்த அமைப்பை அடக்க முயன்றால் தொடக்கத்து எதிர்ச்சாய்வு பெரிதாகும்.