நிழல் இரண்டு மடங்கு நீளும்போது

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தால் வானவில் வரும் என்று பாடப்புத்தகங்களும் பெரியவர்களும் சொல்வதுண்டு. எந்த நேரத்து வெயில் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. காலை பத்து மணிக்கோ நண்பகலிலோ டம்ளரை மேசை மேல் வைத்து எவ்வளவு திருப்பினாலும், கீழே விரித்த தாளில் வெள்ளைத் திட்டுதான் விழும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக இதைச் செய்துகாட்டி வருகிறேன். வேறு எதையும்விட முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் நிழலைத்தான்.

டம்ளரில் நிறம் தோன்றும் வழி இதுதான். சாய்ந்து வரும் வெயில் தண்ணீரின் மேல்பரப்பு வழியாக உள்ளே நுழைந்து, எதிர்ப்பக்கச் சுவர் வழியாக வெளியேற வேண்டும். நுழையும்போது ஒருமுறை கீழ்நோக்கித் திரும்பும், வெளியேறும்போது இன்னொரு முறை அதே பக்கம் திரும்பும். இரண்டு திருப்பமும் சேர்வதால்தான் நிறங்கள் நன்றாக விலகிப் பிரிகின்றன. சூரியன் உயரத்தில் இருந்தால் உள்ளே போன வெளிச்சம் பக்கச் சுவரை உரசினாற்போல் போய்ப் படும். அப்போது அதனால் வெளியேற முடியாது, உள்ளேயே எதிரொளித்துத் திரும்பிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 28 பாகைக்குக் குறைவான உயரத்தில் இருந்தால்தான் வெளிச்சம் வெளியே வரும்.

பாகைக் கணக்கை ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. ஆனால் சூரியன் அந்த உயரத்தில் இருக்கும்போது நிழல் ஆளின் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதனால் ஒரு பிள்ளையை வெயிலில் நிறுத்தி, நிழலின் உச்சியில் ஒரு கல்லை வைக்கச் சொல்கிறேன். பிறகு அந்தப் பிள்ளை நிழலின் மேலேயே படுக்கும். "பாதிதான் வந்திருக்கா? அப்ப இன்னொருத்தி அவ தலைக்கு மேல படு பார்ப்போம்." இரண்டு பேர் படுத்து நிழல் நிறைந்தால் நேரம் வந்துவிட்டது. நம் ஊர்ப் பக்கம் காலையில் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் மாலை நாலேகாலுக்கு மேல். ஜூன், ஜூலையில் நாலே முக்கால் ஆகிவிடும். பள்ளிக்கூடம் கூடும் ஒன்பது மணிக்குச் சூரியன் ஏற்கெனவே ஏறிவிடுவதால் நான் மாலையில்தான் செய்கிறேன்.

அடுத்தது டம்ளர். பக்கம் வழவழப்பாக, பூவேலையோ வரியோ இல்லாமல் இருக்க வேண்டும். வாய் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெளிச்சம் சுவருக்குப் போகாமல் அடியில் இடித்துவிடும். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, சூரியனுக்கு எதிர்ப்பக்கத்து மேசை ஓரத்தில், ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கிறேன். ஒரு பெரியவரின் கை அதை விடாமல் பிடித்திருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் நிறம் தரைக்கு வராது, மேசைப் பலகையே அதைத் தடுத்துவிடும்.

தாளை எங்கே விரிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டம்ளரின் நிழலுக்குள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு பளிச்சென்ற வெள்ளைத் திட்டு விழும். பிள்ளைகள் நேராக அதைத்தான் நோக்கி ஓடுவார்கள். அது பின்பக்கச் சுவர் வழியாக நுழைந்து முன்பக்கச் சுவர் வழியாக வந்த வெளிச்சம். நுழையும்போது திரும்பியதை வெளியேறும்போது ஈடுகட்டிவிடுவதால் அதன் நடுவில் நிறம் இருக்காது. நாம் தேடும் நிறம் மேசைக் காலடியில், மேசையின் நிழலுக்குள்ளேயே இருக்கிறது. சாய்ந்து வந்த வெயில் இரண்டு முறை திரும்பிக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கிவிடுகிறது அல்லவா, அதனால்தான். முக்கால் மீட்டர் உயர மேசை, சூரியன் 15 பாகையில் இருக்கும் நேரம் என்றால், மேசை ஓரத்துக்கு நேர்கீழேயிருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சாண் தள்ளி, நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வளைந்த பட்டை விழும். மேசைக்கு அருகில் ஊதா, தள்ளி சிவப்பு. வெள்ளைச் சார்ட் தாளை அங்கே விரியுங்கள். நிழலான இடம் என்பதால் நிறம் வெளிறாமல் தெரியும். தாளைத் தூக்கி டம்ளருக்கு அருகில் கொண்டுபோனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுவில் வெள்ளையாகிவிடும், ஓரத்தில் மட்டும் நிறம் மிஞ்சும். தண்ணீர் அசைந்தாலும் பட்டை கலைந்துவிடும். அதனால் யாரும் மேசையைத் தொடாமல், வெயிலை மறைக்காமல், இரண்டு பக்கமும் உட்கார வைக்கிறேன். டம்ளர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் முன்கூட்டியே தொடங்குவது எனக்குப் பிடிக்கும். சூரியன் அந்த 28 பாகை எல்லைக்கு வரும்போது முதலில் சிவப்பு மட்டும் மங்கலாக, மேசைக் காலை ஒட்டி வரும். பிறகு மஞ்சள், பச்சை. ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்துத்தான் ஊதா வந்து சேரும். ஊதா மற்றவற்றைவிட அதிகமாகத் திரும்புவதால் கடைசிவரை உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. சூரியன் இறங்க இறங்கப் பட்டை மேசையை விட்டு நகர்ந்து போகும். அதன் ஓரத்தில் பிள்ளைகளைப் பென்சிலால் கோடு போடச் சொன்னால், சற்று நேரத்தில் கோடு ஓரிடத்திலும் நிறம் வேறிடத்திலும் இருக்கும்.

இப்போது வாயால் சொல்ல வேண்டியது. 'ஏழு நிறம்' என்று நான் தொடங்குவதே இல்லை. சொல்லிவிட்டால் அவர்கள் தாளைப் பார்க்காமல் ஏழு என்றுதான் சொல்வார்கள். "உனக்கு என்னென்ன கலர் தெரியுது?" என்று மட்டும் கேட்கிறேன். ஒருவருக்கு நாலு, ஒருவருக்கு ஆறு. எல்லாம் சரிதான். நிறங்களுக்கிடையில் கோடு கிடையாது. ஏழு என்று பிரித்தவர் நியூட்டன், இசையின் ஏழு சுரங்களோடு அது ஒத்துப்போக வேண்டும் என்று அவர் எண்ணினார். இது பெரியவர்களுக்கான செய்தி.

"டீச்சர், தண்ணிக்குள்ள கலர் இருக்கா?" என்ற கேள்வி தவறாமல் வரும். அதற்குப் பதில் சொல்லாமல், சிவப்பு ஜெலட்டின் தாளை டம்ளருக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடிக்கிறேன். பட்டையில் பச்சையும் நீலமும் போய்ச் சிவப்பு மட்டும் நிற்கும். "தண்ணிய நான் தொட்டேனா? அப்ப போன கலர் எங்க இருந்துச்சு?" கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. பிறகு யாராவது ஒருவர் வெயிலைக் காட்டுவார். அதன் பிறகுதான் நான் பேசுகிறேன்: "ஆமா. வெயில் வெள்ளையாத் தெரியுது, ஆனா அதுக்குள்ள எல்லாக் கலரும் ஒண்ணா வருது. தண்ணி அதைத் திருப்புது. எல்லாக் கலரும் ஒரே மாதிரி திரும்பலை. அதனால தனித்தனியாப் பிரிஞ்சிடுச்சு."

ஏன் திரும்புகிறது என்பதற்கு மைதானத்து மணல்தான் துணை. நாலைந்து பிள்ளைகள் கைகோத்து வரிசையாகச் சிமெண்ட் தரையிலிருந்து மணலுக்குள் சாய்வாக நடக்க வேண்டும். முதலில் மணலில் கால் வைக்கும் ஓரத்துப் பிள்ளையின் வேகம் குறையும். மற்றவர்கள் இன்னும் சிமெண்டில் வேகமாக வருவதால் வரிசையே திரும்பிவிடும். நேர்க்குநேராக நடந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேகம் குறையும், வரிசை திரும்பாது. தண்ணீரில் வெளிச்சத்தின் வேகம் உண்மையிலேயே குறைகிறது, ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடுகிறது. சிவப்பைவிட ஊதாவுக்கு இன்னும் சற்றுக் குறையும். "ஊதா வரிசைக்கு மணல் கொஞ்சம் அதிகமாக் காலை இழுக்கும்" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே நடந்து பார்த்துக்கொள்வார்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி வானவில்தான் ஆகும். டம்ளரில் வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது. மழைத்துளியில் அப்படி இல்லை. உள்ளே நுழைந்து, பின்சுவரில் பட்டு எதிரொளித்து, வந்த பக்கமாகவே திரும்பி வெளியே வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 1300களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபிரைபெர்க் தியோடரிக்கும் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் ஃபாரிசியும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, உருண்டைக் குடுவையைப் பெரிய மழைத்துளியாகக் கொண்டு வெளிச்சம் போகும் பாதையைப் பார்த்தார்கள். தாளில் விழுந்த பட்டையின் வளைவும் வானவில்லின் வளைவும் வேறு வேறு என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பட்டை வளைவது டம்ளரின் சுவர் உருளையாக இருப்பதால். "வானத்துல பெரிய டம்ளர் இருக்கா?" என்று ஒரு குழந்தை கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே.

அதனால் டம்ளர் முடிந்ததும் தண்ணீர்க் குழாயை எடுக்கிறேன். வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பூந்தூறலாகத் தெளிக்கும்போது, பிள்ளைகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். "உன் தலையோட நிழல் எங்க இருக்கு? அதுக்கு மேல, சுத்தி, தூறலைப் பாரு." வில் எப்போதும் தலை நிழலை நடுவாகக் கொண்டு வளையும், நடுவிலிருந்து வில் வரை 42 பாகை. எதிரே கையை நீட்டிச் சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் முடிந்தவரை அகட்டினால் ஏறக்குறைய 20 பாகை, ஆக இரண்டு விரிகை. இந்த 42 பாகையால்தான், சூரியன் அதைவிட உயரத்தில் இருக்கும்போது தரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரிவதில்லை. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வானத்தில் தேட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். மாலை மழை ஓய்ந்து மேற்கே வெயில் வந்தால் கிழக்கே பார்க்க வேண்டும்.

தூறலில் ஒரு பிள்ளை, "என் தலைக்கு மேலதான் இருக்கு" என்பாள், பக்கத்தில் நிற்பவன் தன் தலைக்கு மேல் என்பான். இருவர் சொல்வதும் உண்மை. ஒரு துளி ஒருவர் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும்போது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு வேறொரு துளி அந்தச் சிவப்பை அனுப்புகிறது. இடம் மாறி நிற்கச் சொன்னால் வில்லும் கூடவே நகர்வதை இருவரும் பார்த்துவிடுவார்கள். கையை நீட்டி அதைப் பிடிக்கப் போகிறவர்களைத் தடுக்க வேண்டாம். எட்டு வைக்கும்போதெல்லாம் அது தள்ளித் தள்ளிப் போவது ஏன் என்ற கேள்வியை அங்கேயே கேட்கலாம், குழாய்த் தண்ணீர் தீர்வதற்குள் சரியான பதிலைச் சொல்ல ஒருவராவது இருப்பார்.