எந்தப் ‘பார்க்கலாம்’?

மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் பழைய கம்பெனி ஆள் ஒருவரை எதிர்பாராமல் பார்க்கிறோம். அவர் பஸ் வந்துவிடுகிறது. படியில் கால் வைத்தபடியே, “ஒரு நாள் பார்க்கலாம்டா” என்கிறார். நாமும் “கண்டிப்பாண்ணா” என்கிறோம். அதோடு சரி, அடுத்த சந்திப்பும் இதேபோல ஏதோவொரு ஸ்டாப்பில்தான்.

தமிழில் ‘பார்க்கலாம்’ ஒரு கள்ளச் சொல். சந்திப்போம் என்பதும் அதுதான், ஆகும்போது ஆகட்டும் என்று தட்டிக்கழிப்பதும் அதுதான். ஓசூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் பக்கத்து இரண்டு மொழிகளிலும் இந்தக் குழப்பம் இல்லை. கன்னடத்தில் சந்திப்பதற்கு ‘சிகோண’, தட்டிக்கழிக்க ‘நோடோண’. தெலுங்கில் ‘கலுத்தாம்’ வேறு, ‘சூத்தாம்’ வேறு. தமிழில் சொன்னவருக்கே சில சமயம் எதைச் சொன்னோம் என்று தெரியாது. அதனால் எது என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு இருக்காமல், நல்லெண்ணத்தோடு ஒரு நாளும் நேரமும் சொல்லிப் பார்ப்பதுதான் சுலபம். வருகிற பதிலில் எது என்று தெரிந்துவிடும்.

அன்று இரவே, அதிகம் போனால் மறுநாள் சொல்லிவிட வேண்டும். வாரம் கடந்தால் பஸ் படியில் இருந்த சூடு ஆறிவிடும். பிறகு “நல்லா இருக்கீங்களாண்ணா” என்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அவரும் ஏதோ உதவி கேட்கப் போகிறான் என்று நினைப்பார்.

சொல்வதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?” என்பதுதான். “எப்ப ஃப்ரீ?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி நம் வேலையை அவர் தலையில் கட்டுகிறது. அவர் காலண்டரைப் பார்த்து, வீட்டில் கேட்டு, யோசித்துச் சொல்ல வேண்டும். “சொல்றேன்டா” என்று பதில் வரும், அதுவும் இன்னொரு ‘பார்க்கலாம்’தான்.

ஷிஃப்ட் தெரிந்தால் மீதியை நாமே கணக்குப் போடலாம். சிப்காட்டில் பரவலாக இருக்கும் மூன்று ஷிஃப்ட், காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் காலை 6 என்று வைத்துக்கொள்வோம். நாம் ஜெனரல் ஷிஃப்ட், மாலை ஐந்தரைக்குள் வெளியே வந்துவிடுகிறோம். அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார், மாலை 6 மணி பொருந்தும். நைட் ஷிஃப்ட் என்றாலும் பகலில் தூங்கி எழுந்து, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் மாலையில் ஒரு மணி நேரம் இருக்கும். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் வாய்ப்பே இல்லை. நாம் வெளியே வரும்போது அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் வழி இருக்கிறது. ‘டைமே செட் ஆகலை’ என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

எல்லாருக்கும் லீவு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்வதிலும் ஒரு பள்ளம் உண்டு. நானே விழுந்திருக்கிறேன். நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்த நண்பனை ஞாயிறு காலை 10 மணிக்கு வரச் சொன்னேன். சனி இரவு உள்ளே போனவன் ஞாயிறு காலை 6 மணிக்குத்தான் வெளியே வந்திருக்கிறான். மரியாதைக்கு வந்தான். கையில் பாதி வடையோடு உட்கார்ந்தபடியே தூங்கினான். திங்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிறவரை ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் அதே தப்புதான். நாலரைக்கு எழ வேண்டியவர் ஒன்பது மணிக்கே வாட்சைப் பார்ப்பார்.

இனி செய்தி. எனக்கு மூத்தவர், முன்பு ஒரே லைனில் நின்றவர், இப்போது பொம்மசந்திராவில் வேலை, வீடு பாகலூர் ரோட்டில். ஸ்டாப்பில் பார்த்த அன்று இரவே என்ன ஷிஃப்ட் என்று கேட்டேன், “ஃபர்ஸ்ட்” என்றார். உடனே அனுப்பியது இது:

“அண்ணா, புதன் சாயங்காலம் 5:45க்கு மூக்கண்டப்பள்ளி ஸ்டாப் டீக்கடையில ஒரு டீ சாப்பிடலாமா? கிருஷ்ணகிரி போற பக்கம் இருக்கிற கடை. அரை மணி நேரம்தான், உங்க புது லைன் கதையைக் கேட்கணும். ஓ.டி. போட்டுட்டாங்கன்னா வெள்ளிக்கிழமை அதே நேரம்.”

இதில் ரோட்டின் எந்தப் பக்கம் என்று சொன்னது அனாவசியம் போலத் தோன்றும். பெங்களூரு நெடுஞ்சாலையை மாலை நேரத்தில் குறுக்கே கடந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலை என்று. எதிர்ப்பக்கம் நின்று போனில் கத்திக்கொண்டே பத்து நிமிஷம் போய்விடும்.

அரை மணி என்று சொன்னதும் கணக்கோடுதான். “வீட்டுக்கு வாங்கண்ணா, சாப்பிடலாம்” என்பது நம் ஊரில் அன்பான அழைப்பு, ஆனால் கனமான அழைப்பு. அவர் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும், பழம் வாங்க வேண்டும், நம் வீட்டிலும் சமையல் ஏற்பாடு. நாலு பேர் தோதுப்பட வேண்டியது ஆறு மாதம் தள்ளிப் போகும். டீ என்றால் அவர் ஒருவர் சரி என்றால் போதும். செலவும் இடிக்காது. சம்பளம் 7ஆம் தேதிதான் வருகிறவர்களை மாதத்தின் முதல் வாரத்தில் பிரியாணிக் கடைக்குக் கூப்பிட்டால், யார் பணம் கொடுப்பது என்ற கூச்சத்திலேயே ‘வேலை இருக்கு’ என்பார்கள்.

மாற்று நாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஓவர்டைம் பெரும்பாலும் ஷிஃப்ட் முடியும் நேரத்தில்தான் தெரியவரும், அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கும் நிலையை வைக்கக் கூடாது. அதற்காக ‘புதன், வியாழன், வெள்ளி, உங்களுக்கு எது வசதியோ’ என்று பரப்பினால் மறுபடி யோசிக்கும் வேலை அவருக்கு. பழையபடி ‘எப்ப ஃப்ரீ’தான்.

பதில் வருகிற விதத்தைக் கவனியுங்கள். “புதன் ஆகாதுடா, வியாழன் வரியா?” என்றால் அவர் சொன்னது சந்திக்கிற பார்க்கலாம். “இந்த வாரம் கஷ்டம்டா, பார்க்கலாம்” என்று நாள் சொல்லாமல் முடித்தால், ஷிஃப்ட் மாறிய பிறகு இன்னொரு முறை மட்டும் கேட்கலாம். அதற்கும் அப்படியே வந்தால் விட்டுவிடுங்கள். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து போதும். மூன்றாவது முறை கேட்டால் அடுத்த தடவை நம்மைப் பார்த்ததும் பஸ்ஸின் இன்னொரு கதவில் ஏறிவிடுவார். பதிலே வரவில்லை என்றால் கோபம் வேண்டாம், புதன் காலையில் “அண்ணா, இன்னிக்கு வரீங்களா, இல்ல வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?” என்று ஒரு வரி.

எங்கள் அண்ணன், “5:45 வேணாம், பாப்பாவை டியூஷன்ல விட்டுட்டு 6:15க்கு வரேன்” என்றார். வந்தார். அரை மணி என்றது ஒன்றேகால் மணி ஆனது, டீ இரண்டு ரவுண்டு. வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, “சரிடா, மறுபடி ஒரு நாள் பார்க்கலாம்” என்றார்.

“அடுத்த வாரம் உங்களுக்கு செகண்ட், அதுக்கு அடுத்த வாரம் நைட்டு தானேண்ணா?”

“ஆமா.”

“அப்ப அந்தச் செவ்வாய்க்கிழமை, அஞ்சே முக்கால். இதே கடை.”

வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்.