செய்தென் எச்ச அடுக்கும் ஆங்கிலத் தொடரமைப்பும்

வினையெச்சங்கள் தத்தமக்குரிய முடிக்கும் சொல்லின்றி அடுக்கி வந்து, ஒரு வினையால் முடிவதைத் தொல்காப்பிய வினையியல் உடன்படுகிறது. இவ்வடுக்கை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ஒவ்வோர் எச்சத்திற்கும் ‘ஹேவிங்’ என்னும் சொல்லை இடுவது பரவலான வழக்கம். அவ்வாறு செய்தால் இலக்கணம் பிழைபடாமற் போகலாம், தொடர் நடவாது.

பின்வரும் தொடரைக் காண்க: ‘வேலன் காலையில் எழுந்து குளித்துவிட்டுச் சந்தைக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தான்.’ இதில் எச்சங்கள் ஆறு. ஆயின் அவை ஆறும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்த ஆறு செயல்களல்ல. ‘நடந்து’ என்பது போன விதத்தைச் சுட்டுகிறது. ‘நடந்துவிட்டுப் போய்’ எனின் பொருள் மாறிவிடும். ‘எழுந்துவிட்டு’ எனினோ வரிசை மாறுவதில்லை. ஆகவே எச்சத்துடன் ‘விட்டு’ சேர்த்துப் பார்ப்பது முன்பின் நிகழ்வையும் விதத்தையும் பிரித்தறிய எளிய சோதனையாகும். விதம் குறித்த எச்சம் ஆங்கிலத்தில் தனி வினையாக நில்லாது. ‘நடந்து போய்’ என்பது ‘வாக்ட்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கும்.

எஞ்சியவற்றை இரு தொடர்களாகப் பகுப்பதே தெளிவு. எழுந்தது, குளித்தது, சந்தைக்கு நடந்தது ஆகிய மூன்றும் முதல் தொடர். வாங்கியது, வீட்டுக்குக் கொணர்ந்தது, கொடுத்தது ஆகியவை அடுத்தது. இடம் மாறும் புள்ளியில் தொடரை முறிப்பதால் வாசகர் தடுமாறார். தமிழில் ஒருமுறை வந்த ‘காய்கறி’ ஆங்கிலத்தில் பின்வரும் இரு வினைகளுக்கும் ‘தெம்’ என மீண்டும் வரவேண்டும். வினைகள் யாவும் முற்றாகி இறந்தகாலம் ஏற்கும். காலமும் ஏவலும் தமிழில் இறுதி வினையிலிருந்தே எச்சங்களுக்குச் செல்கின்றன; ‘எழுந்து குளித்துச் சாப்பிடு’ என்பதில் மூன்றும் ஏவலே. இதனை ‘ஹேவிங்’ கொண்டு பெயர்ப்பவர் முதலிரு ஏவல்களையும் இழந்துவிடுவார்.

செய்து என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலின் வினையோடு முடியும் என்பது பழைய விதி. சினைவினை முதல்வினையோடு முடிதலும் அங்கே ஏற்கப்பட்டதே. எனினும் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்னும் வழக்கில் வினைமுதல்கள் இரண்டு; எச்சம் காரணத்தைச் சுட்டுகிறது. இங்கு ‘ஹேவிங்’ இட்டால், குளமே பெய்ததாக ஆங்கில வாசகர் கொள்வார். மழை பெய்ததால் குளம் நிறைந்தது என இரு எழுவாய்களையும் வெளிப்படையாக நிறுத்துவதன்றி வேறு வழியில்லை.

மிகவும் இடர் தருவது எதிர்மறை. ‘வேலன் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கவில்லை’ என்பதில் அவன் போனானா? போயும் வாங்கவில்லை என்றும், போகவே இல்லை என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. ஆங்கிலம் இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். முன்னதற்கு ‘பட்’, பின்னதற்கு இரு வினைகளையும் தழுவும் எதிர்மறை. தெரிவுக்குரிய சான்று அத்தொடருக்குள் இராது. முன்னும் பின்னும் உள்ள தொடர்களிலேயே தேடவேண்டும்.