போன் அடிக்கும் நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வேலை விவரத்தைப் படித்தேன். எல்-2 அப்ளிகேஷன் சப்போர்ட், வாடிக்கையாளர் லண்டனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, அலுவலகம் சோழிங்கநல்லூரில், நேரம் மதியம் 1 முதல் இரவு 10 வரை. கடைசியில் ஒரே வரி: "ரொட்டேஷன் அடிப்படையில் ஆன்-கால் உண்டு." கன்சல்டன்சியிலிருந்து பேசிய பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்டாயாம். "எப்பவாவதுதாங்க வரும், எல்லா சப்போர்ட் வேலையிலும் இருக்கிறதுதானே" என்றாராம். மறுபடி கேட்டால் ஆர்வம் இல்லாத பையன் என்று நினைப்பார்களோ என்று உனக்குத் தயக்கம்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது உனக்கு வந்த அதே தாள்தான். நீ வேலையில் சேர்ந்தால் அவர் கம்பெனிக்குப் பணம் வரும், அதனால் எதையும் பெரிதுபடுத்தாமல் சொல்வார். ஷிப்ட் நேரம், இரவு கேப் உண்டா, ஆன்-காலுக்குத் தனிப்படி உண்டா, நோட்டீஸ் எத்தனை நாள் என்பதையெல்லாம் அவர் கேட்டுச் சொல்ல முடியும். போன வாரம் ராத்திரி எத்தனை முறை போன் அடித்தது என்பது அந்த டீமின் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ரெக்ரூட்டரிடம் உன் முதல் வேலை, மேனேஜரோடு பதினைந்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்வதுதான். டெக்னிகல் ரவுண்டு முடிந்த பிறகு, ஆபர் லெட்டர் வருவதற்கு முன்னால் கேள். பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்து மூன்று மாத நோட்டீஸ் ஓட ஆரம்பித்துவிட்டால் பிறகு நீ கேட்பதற்கெல்லாம் வெறும் தகவல் மதிப்புதான்.

இனி அந்த மதியம் 1 முதல் இரவு 10 வரை என்பதைப் பார்ப்போம். பார்த்தவுடன் ராத்திரி நமக்கு மிச்சம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துச் சேர்ந்தேன். வேறு கம்பெனி, ஆனால் அதே மாதிரி லண்டன் வாடிக்கையாளர். எங்கள் ஷிப்ட், அங்கே ஆட்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குத் தக்கபடி போட்டது. கோடைக்காலத்தில் அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 1.30. அதுவரை சரி. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலைகள் ஆட்கள் இருக்கும்போது ஓடுவதில்லை. அன்றைய பிரீமியம் வரவு, பாலிசி புதுப்பிப்பு, வங்கிக்குப் போகும் பைல், வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம் எல்லாம் ராத்திரி பேட்ச்சில்தான். எங்கள் பேட்ச் லண்டன் நேரம் நள்ளிரவு 12க்குக் கிளம்பும், அவர்கள் காலை 8 மணிக்குள் முடிந்தாக வேண்டும். நம் கடிகாரத்தில் அது அதிகாலை 4.30 முதல் மதியம் 12.30 வரை. அதாவது பேட்ச் ஓடும் நேரம் முழுவதும் எங்கள் ஷிப்டுக்கு வெளியே.

விழும் ஜாப்புகளில் பாதி முதல் அரைமணியில் விழும், ஏனென்றால் பைல் வராததும், முந்தைய நாள் பூட்டு அவிழாமல் கிடப்பதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இரவு 10 மணிக்கு வேலை முடித்து, கேப் மூன்று பேரை இறக்கிவிட்டு வீடு வர 11.15. சாப்பிட்டுப் படுக்க 12.30. போன் அடிப்பது 4.45. எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் கொஞ்ச நாளில் என்னிடம் "இன்னிக்கும் ஆபீஸா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே "ஆன்-கால் உண்டா?" என்று கேட்காதே, அதற்கு உண்டு என்ற பதில்தான் வரும். "பேட்ச் இந்திய நேரம் எத்தனைக்குக் கிளம்புகிறது, அது ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்?" என்று கேள். எல்-1 ஆட்கள் இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள், சிறு தடங்கலை அவர்களே ரன்புக் பார்த்துச் சரிசெய்வார்கள் என்றால் உன்னிடம் வருவது வடிகட்டியதாக இருக்கும். அலர்ட் நேராக உன் போனுக்கே வரும் என்றால் எல்லாம் உனக்குத்தான். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை எல்லாம் நமக்கு ஒரு மணி தள்ளிப்போகும், 4.30 என்பது 5.30 ஆகும். ஷிப்ட் நேரமும் கூடவே மாறுமா என்று கேள். மாறினால் வீடு வருவது நள்ளிரவு தாண்டி.

(அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் கதை தலைகீழ். நியூயார்க் நள்ளிரவு நமக்குக் காலை 9.30 அல்லது 10.30, பேட்ச் நம் பகலில் ஓடும். ராத்திரியில் வருவது அங்கே அலுவலகத்தில் இருப்பவர்களின் டிக்கெட். இரண்டையும் ஒரே "ஆன்-கால்" என்ற சொல்லால் எழுதுவதுதான் கோளாறு.)

அடுத்தது ரோஸ்டர். ஆறு பேர் டீம், வாரம் ஒருவர் என்றார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று நான் கணக்குப் போட்டேன். போய்ப் பார்த்தால் ஆறில் ஒருவர் லண்டனில் இருந்த லீட், ரோஸ்டரில் அவர் பெயர் கிடையாது. இன்னொருவர் புதிதாகச் சேர்ந்தவர், மூன்று மாதம் கழித்துத்தான் தனியாக எடுப்பார். மிச்சம் நாலு பேர். பிரைமரி ஒருவர், அவர் எடுக்காவிட்டால் செகண்டரி ஒருவர். நாலு வாரத்தில் ஒரு வாரம் பிரைமரி, ஒரு வாரம் செகண்டரி. மாதத்தில் பாதி நாள் லேப்டாப்போடு திரிந்தேன். செகண்டரிக்குப் போன் அடிப்பது குறைவு என்பது உண்மைதான், ஆனால் செகண்டரி வாரத்திலும் ஊருக்குப் போக முடியாது, சினிமாவுக்குப் போனால் வாசலோர இருக்கைதான். கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங் புத்தகத்தில், ஒரே ஊரில் இருக்கும் டீம் இந்த இரட்டை முறையை நடத்தக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் எட்டுப் பேரைக் கொடுக்கமாட்டார்கள். இருந்தாலும் அளந்து பார்க்க ஒரு கோல் இருக்கட்டும். மேனேஜரிடம் டீம் அளவைக் கேட்காமல், "இந்த மாதம் ரோஸ்டரில் எத்தனை பெயர் இருக்கிறது?" என்று கேள்.

அதோடு சேர்த்து, கடந்த நாலு வாரத்தில் ராத்திரி 11 முதல் காலை 7 வரை எத்தனை கால் வந்தது என்று கேள். நல்ல மேனேஜர் "பதினொன்று, அதில் ஏழு ஒரே ஜாப், அதை அடுத்த மாதம் மாற்றப்போகிறோம்" என்கிற மாதிரி சொல்வார். பதினொன்று என்பது கொஞ்சமில்லை, ஆனால் எண்ணி வைத்திருக்கிறார், காரணம் தெரிந்து வைத்திருக்கிறார். "அப்படியெல்லாம் கணக்கு வைக்கிறதில்லை, எங்க டீம் குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். ராத்திரி எழுந்தவர் மறுநாள் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் கேட்டுவிடு. எங்கள் இடத்தில் காம்ப்-ஆப் கொள்கை தாளில் இருந்தது. எடுக்க வேண்டுமானால் அன்றைக்கு வேறு ஆள் பிடித்துத் தர வேண்டும் என்பது தாளில் இல்லை.

டெக் ஸ்டாக் பற்றி எழுதியிருந்தாய்: ஜாவா, ஸ்பிரிங் பூட், ஆரக்கிள், காப்கா, ஏ.டபிள்யூ.எஸ். எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று உனக்கு ஆசை. அந்தப் பட்டியல் அப்ளிகேஷன் எதில் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது, உன் கை எதில் படும் என்பதைச் சொல்லவில்லை. நான் ஒன்றரை வருஷம் அதிகாலைகளில் பெரும்பாலும் தட்டியது ஆட்டோசிஸ்ஸில் இந்த ஒரு வரியைத்தான்:

```
sendevent -E FORCE_STARTJOB -J JOB_NAME
```

விழுந்த ஜாப்பைத் திரும்பக் கிளப்பும் கட்டளை. முன்னால் முடிய வேண்டிய ஜாப் முடிந்ததா என்று இது பார்க்காது, சொன்னால் கிளம்பிவிடும். பிரீமியம் வரவு வைக்கும் ஜாப் பாதியில் விழுந்து, முதல் பாதி ஏற்கெனவே பதிவாகியிருந்தால், இதைத் தட்டியவுடன் அந்தப் பாதி இரண்டாம் முறை பதிவாக வாய்ப்புண்டு. அந்த ஜாப் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஓடுமா என்பது கோடில் இருக்கும். எனக்குக் கோடைப் பார்க்கவே அனுமதி இல்லை. அது எல்-3 டீமின் சொத்து. டேட்டாபேஸில் படிக்க மட்டும் அனுமதி, அதுவும் இரண்டு டேபிளுக்கு. ரன்புக்கில் "ரீஸ்டார்ட் செய்யவும்" என்று இருந்தால் ரீஸ்டார்ட், இல்லையென்றால் எல்-3 ஆளை எழுப்பு. ஒன்றரை வருஷம் கழித்து அடுத்த இன்டர்வியூவில் ஜாவா கேட்டார்கள், திணறினேன்.

இதை ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பயனில்லை. மேனேஜரிடமும் "ஜாவாவில் வேலை இருக்குமா?" என்று கேட்காதே, இருக்கும் என்றுதான் சொல்வார். இப்படிக் கேள்: "கடைசியாக வந்த பி1-ல் எல்-2 ஆள் முதலில் எதைத் திறந்தார், பிறகு என்ன செய்தார், எந்த இடத்தில் எல்-3க்குக் கொடுத்தார்?" அவர் கதையாகச் சொல்லும்போது உன் வேலையின் எல்லை தானாகத் தெரிந்துவிடும். ஸ்பிளங்க்கில் லாக் பார்த்தார், கோடில் இடத்தைக் கண்டுபிடித்தார், பிக்ஸை எல்-3 போட்டது என்று வந்தால் நீ கற்றுக்கொள்வாய். டிக்கெட் எழுதி, பிரிட்ஜ் காலில் எல்லோரையும் கூட்டினார் என்று வந்தால் அது ஒருங்கிணைக்கும் வேலை. அதுவும் வேலைதான், ஆனால் நீ அதற்காகப் போகவில்லையே.

எதிர்பார்ப்பு பற்றி ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று கேள். "பி1-க்கு பதினைந்து நிமிடம்" என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் போனை எடுத்து ஏற்றுக்கொள்வதா, லேப்டாப் முன் உட்கார்வதா, சரிசெய்துவிடுவதா? மூன்றுக்கும் நடுவில் உன் வாழ்க்கை இருக்கிறது. முதலாவது என்றால் கோயிலுக்குப் போகலாம். இரண்டாவது என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுதான் போகலாம். மூன்றாவது என்று யாராவது சொன்னால், அதை மெயிலில் எழுதித்தரச் சொல். சொன்னவரே திருத்திக்கொள்வார். எத்தனை வாரம் இன்னொருவரோடு கூட இருந்து பார்த்த பிறகு தனியாக விடுவார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள், மாதக் கடைசி பேட்ச் ஒன்றைக்கூடப் பார்க்காமல் தனியாக எடுத்தேன். மாதக் கடைசி வேறு மிருகம்.

கேட்டு முடித்ததும் ரெக்ரூட்டருக்கு ஒரு மெயில் போடு. மேனேஜர் சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது என்று நாலைந்து வரி: ரோஸ்டரில் ஐந்து பேர், படி இவ்வளவு, பதினைந்து நிமிடம் என்பது ஏற்றுக்கொள்ள மட்டும், தனி ஆன்-கால் இரண்டு மாதம் கழித்து. தவறிருந்தால் சொல்லவும் என்று முடி. சண்டைக்குச் சாட்சி சேர்ப்பதற்கு அல்ல. எழுத்தில் பார்த்தால்தான் அவர்களும் ஒருமுறை மேனேஜரிடம் சரிபார்ப்பார்கள், படித் தொகை தவறாகச் சொல்லியிருந்தால் அப்போது வெளியே வரும்.

ஆர்வமில்லாதவன் என்று நினைப்பார்களோ என்றாய். நானும் இப்போது ஆள் எடுக்கிறேன். பேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்கிற பையன், இந்த வேலை என்னவென்று தெரிந்தவன் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை மேனேஜரோடு பேச நேரம் கிடைத்தால், பேசிவிட்டு அன்று ராத்திரியே எனக்குச் சொல். அக்டோபர் கடைசி ஞாயிறைப் பற்றிக் கேட்டபோது அவர் உடனே பதில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அக்கா