பழைய போனின் பேக்கப்பில் வேண்டியதை மட்டும் எடுக்க முடியுமா?

கேள்வி: புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறேன். பழைய போனில் இருந்த எல்லா ஆப்களும் வேண்டாம். சிலவற்றின் டேட்டாவும் செட்டிங்ஸும் மட்டும் கூகுள் பேக்கப்பிலிருந்து கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, பெரும்பாலும் போனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதுதான் வரும். அங்கே கூகுள் கணக்கில் நுழைந்து பழைய போனின் பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய போனின் திரைப்பூட்டு பின் அல்லது பேட்டர்னைக் கேட்கும். பேக்கப் அதைக் கொண்டே பூட்டப்பட்டிருப்பதால் அது நினைவில் இருக்க வேண்டும். அடுத்து ஆப்கள், எஸ்எம்எஸ், போன் செட்டிங்ஸ் என்று பட்டியல் வரும். ஆப்கள் வரிசையைத் திறந்து, வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரு ஆப்புக்குள் பாதியை மட்டும் எடுக்க முடியாது. ஒரு ஆப்பின் டேட்டா 25 எம்பிக்குள் இருந்தால்தான் இந்த பேக்கப்பில் சேரும். வங்கி ஆப்கள் பெரும்பாலும் பேக்கப்பை அனுமதிப்பதில்லை. அவற்றில் புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் அரட்டைகளுக்குத் தனி பேக்கப் உண்டு. அதே எண்ணில் பதிவு செய்ததும் மீட்கட்டுமா என்று கேட்கும், அப்போது தவிர்த்துவிடாதீர்கள்.

செட்டப்பை ஏற்கெனவே முடித்துவிட்டீர்களா? பட்டியல் வராவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்து மறுபடி தொடங்குவதே நம்பகமான வழி. புதுப் போனில் சேர்ந்த படங்களை முதலில் பத்திரப்படுத்துங்கள். பழைய போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு புதியதைவிட உயர்ந்ததாக இருந்தால் பேக்கப் ஏறாது. பழைய போன் 57 நாள் பயன்படாமல் கிடந்தால் பேக்கப்பே அழிக்கப்படலாம். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.